உறைந்துபோன 22 நிமிடங்கள்

வீடியோ கேசட்டைக் கணினிக் கோப்பாக மாற்றுவதில் குறுக்குவழி கிடையாது. மூன்று மணி நேரக் கேசட் என்றால் டெக்கில் மூன்று மணி நேரம் ஓடியே ஆகவேண்டும். பென் டிரைவிலிருந்து நகலெடுப்பது போல நிமிடத்தில் முடித்துக்கொள்ள முடியாது. டெக்கின் பின்பக்கத்து மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளை ஒரு சிறிய கேப்சர் கருவியில் செருகி, அதை யூ.எஸ்.பி. வழியாகக் கணினியோடு இணைத்து, பிளே பட்டனையும் ரெக்கார்ட் பட்டனையும் அழுத்திவிட்டு எழுந்து போவார்கள். மூன்று மணி நேரமும் யாரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதில்லை. தெரிந்தவர் கல்யாணமாக இருந்தாலே உட்கார முடியாது. கடைக்கு வரும் கேசட்டோ முன்பின் தெரியாத யாரோ ஒருவருடையது.

முடிந்ததும் கோப்பைத் திறந்து முதல் ஐந்து நிமிடம் பார்ப்பார்கள். நடுவில் ஒரு இடம், கடைசியில் ஒரு இடம் என்று இழுத்துப் பார்ப்பார்கள். படம் தெரிகிறது, சத்தம் கேட்கிறது, கோப்பின் நீளமும் சரியாக மூன்று மணி நேரம். வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுவார்கள். தாலி கட்டும் இடத்தில் படம் இருபது நிமிடம் அசையாமல் நின்றிருப்பது, வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்க்கிற நாளில்தான் தெரியவரும். அதற்குள் கேசட்டில் பூஞ்சை பிடித்திருக்கலாம். டெக் பழுதாகியிருந்தால் புதிது வாங்கவும் வழியில்லை. கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது.

இந்தியாவிலும் இலங்கையிலும் புழங்கிய பால் முறையில் ஒரு நொடிக்கு 25 ஃபிரேம்கள். மூன்று மணி நேரத்துக்கு 2,70,000 ஃபிரேம்கள். ஆள் வைத்துப் பார்க்க முடியாத இந்தக் கணக்கைக் கணினி சலிக்காமல் பார்க்கும். நாம் அதனிடம் கேட்கவேண்டியவை இரண்டே கேள்விகள். எங்கெல்லாம் படம் கறுப்பாக இருக்கிறது? எங்கெல்லாம் படம் அசையாமல் நிற்கிறது? இரண்டுக்கும் விடை சொல்லும் வடிகட்டிகள் `ffmpeg` என்ற இலவச மென்பொருளிலேயே இருக்கின்றன. கறுப்பைப் பிடிப்பதன் பெயர் `blackdetect`. உறைந்த படத்தைப் பிடிப்பது `freezedetect`. இது 2019-இல் வந்த 4.2 பதிப்பில் சேர்ந்தது. இரண்டையும் ஓட்டுவது சுலபம். அவை சொல்வதைச் சரியாகப் படிப்பதில்தான் வேலை இருக்கிறது.

முதலில், படம் ஏன் உறைகிறது என்று பார்க்கலாம். நேரடியாகப் பதிவு செய்யும் OBS போன்ற மென்பொருள் ஒன்றின் பொறுப்பு, நொடிக்கு 25 ஃபிரேம் என்ற தாளம் தவறாமல் கோப்பில் எழுதிக்கொண்டே போவது. கேப்சர் கருவி திணறி, புதிய ஃபிரேம் வராமல் போனால் அது பதிவை நிறுத்தாது. கையில் இருக்கும் கடைசி ஃபிரேமையே திரும்பத் திரும்ப எழுதும். யூ.எஸ்.பி. இணைப்பு ஒரு கணம் தடுமாறினாலும் இப்படி நடக்கலாம். கருவியின் டிரைவர் மென்பொருள் சிக்கிக்கொண்டாலும் நடக்கலாம். ஒலி தனிப் பாதையில் வருவதால் நாதஸ்வரம் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் கோப்பின் நீளத்தை மட்டும் பார்த்து ஏமாந்துபோகிறோம். நீளம் சரியாக இருக்கிறது என்றால் பதிவு மென்பொருள் கடைசிவரை ஓடியது என்று பொருள். கேசட்டில் இருந்தது வந்து சேர்ந்தது என்று பொருள் அல்ல.

உறைந்த படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த ஃபிரேமில் உள்ள ஒவ்வொரு பிக்சலையும் முந்தைய ஃபிரேமின் அதே இடத்துப் பிக்சலோடு ஒப்பிட்டு, வித்தியாசங்களைக் கூட்டி, சராசரி எடுத்தால் போதும். சராசரி மிகச் சிறியதாகவே சில நொடிகள் நீடித்தால் படம் நின்றுவிட்டது என்று கொள்ளலாம். `freezedetect` செய்வது ஏறக்குறைய இதைத்தான். ஒரு ஃபிரேமை அளவுகோலாக வைத்துக்கொண்டு, அடுத்தடுத்து வருவனவற்றை அதனோடு ஒப்பிடும். வித்தியாசம் எல்லையைத் தாண்டினால் அளவுகோலை மாற்றிக்கொள்ளும்.

உடனே ஒரு சந்தேகம் வரும். கல்யாண வீடியோவில் அசையாத காட்சிகள் ஏராளம். தொடக்கத்தில் பிள்ளையார் படம், மணமக்கள் பெயர் எழுதிய தலைப்பு அட்டை, ஃபோட்டோவுக்காக விறைத்து நிற்கும் சொந்தக்காரர்கள். வீடியோகிராபரே மிக்சரில் வேண்டுமென்றே உறைய வைத்த முகங்களும் உண்டு. இவை எல்லாவற்றையும் பழுது என்று கணினி கூச்சல் போடாதா?

போடாது. காரணம், கேசட்டின் இரைச்சல். வி.எச்.எஸ். படத்தில் எப்போதும் மெல்லிய புள்ளிகள் நெளிந்துகொண்டே இருக்கும். காந்தத் துகள்களிலிருந்து படிப்பதால் வரும் அந்த இரைச்சல் ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு வேறு. தலைப்பு அட்டை பத்து நொடி அசையாமல் நின்றாலும் அதில் வரும் 250 ஃபிரேம்களில் எந்த இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. அசையாமல் நிற்கிற மனிதர் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது போல, நின்றிருக்கும் கேசட் படமும் உள்ளுக்குள் அசைந்துகொண்டே இருக்கும். கணினிக்குள் உறைந்த ஃபிரேமிலோ இரைச்சலும் சேர்ந்து உறைந்துவிடும். எல்லோரும் துடைத்தெறிய நினைக்கிற அந்த நெளிவுதான் படம் உண்மையில் நாடாவிலிருந்து வருகிறது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் சான்று.

இதை எண்ணில் பார்க்கலாம். ஒரு பிக்சலின் அளவை 256 படிகளாகக் குறிக்கிறார்கள். `freezedetect` தானாக வைத்துக்கொள்ளும் எல்லை 0.001. அதாவது சராசரி வித்தியாசம் கால் படிக்குள் இருந்தால் உறைவு. ஆடி ஓய்ந்த கேசட்டில் அசையாத காட்சியிலும் அடுத்தடுத்த ஃபிரேம்கள் சராசரியாக ஒன்றிரண்டு படிகளாவது மாறும். கணினிக்குள் உறைந்ததில் மாற்றம் பூஜ்யம் அல்லது அதற்கு மிக அருகில். நடுவில் தாராளமாக இடம் இருக்கிறது. கல்லூரி வகுப்பைப் பதிவு செய்கிறவருக்கு இந்த வசதி கிடையாது. திரையில் ஒரே ஸ்லைடு பத்து நிமிடம் நின்றால், அது ஆசிரியர் விளக்கிக்கொண்டிருப்பதாலா, கேமரா செத்துவிட்டதாலா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. சோதனையை மூலக் கோப்பின் மேல்தான் செய்யவேண்டும், வாட்ஸ்அப்பில் அனுப்பச் சுருக்கிய எம்.பி.4 மேல் அல்ல. படத்தைச் சுருக்கும் முறைகள் முதலில் தூக்கி எறிவது இரைச்சலைத்தான். அதிகமாகச் சுருக்கினால், அசையாத பின்னணியை 'முன்பு இருந்ததே' என்று சொல்லித் தாண்டிவிடுவார்கள். தலைப்பு அட்டை அப்போது நிஜமாகவே உறைந்துவிடும்; சோதனை பொய்யாக அலறும். ஆவணக் காப்பகங்கள் எஃப்.எஃப்.வி.1 போன்ற, ஒரு புள்ளியைக்கூட இழக்காத முறையில் மூலத்தை வைத்துக்கொள்வதற்கு வேறு பல காரணங்கள் உண்டு. அவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி கறுப்பு. கேட்க மிக எளிது, செய்யும்போதுதான் முரண்டு பிடிக்கும். `blackdetect` இரண்டு கேள்விகள் கேட்கிறது. ஒரு பிக்சல் கறுப்பா? அப்படிக் கறுப்பான பிக்சல்கள் ஃபிரேமில் 98 சதவீதம் உண்டா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது கறுப்பு ஃபிரேம். அப்படிப்பட்டவை இரண்டு நொடி தொடர்ந்தால் அறிவிக்கும்.

வீடியோவில் கறுப்பு என்பது பூஜ்யம் அல்ல. ஒளி அளவு 16 கறுப்பையும் 235 வெள்ளையையும் குறிக்கும். இடையில் உள்ள தூரத்தில் பத்து சதவீதம் வரை கறுப்பு என்று ஏற்றுக்கொள்வதால் எல்லை சுமார் 38-இல் விழுகிறது. கேசட்டின் இரைச்சலால் கறுப்பு சற்று வெளிறினாலும் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். இங்கே சிக்கல் இல்லை.

சிக்கல் அந்த 98 சதவீதத்தில் இருக்கிறது. வி.எச்.எஸ். டெக்கில் சுழலும் உருளையில் இரண்டு வீடியோ ஹெட்கள் உண்டு. மாறி மாறிப் படிக்கும் அவை ஒன்றிடமிருந்து இன்னொன்று பொறுப்பை வாங்கிக்கொள்வது படத்தின் அடிப்பகுதியில் நடக்கிறது. அந்த இடத்தில் சில வரிகள் கிழிந்து, இழுபட்டு, பளிச்சென்று தெரியும். பழைய டிவிப் பெட்டியின் சட்டம் அதை மறைத்துவிட்டதால் நாம் பார்த்ததே இல்லை. கேப்சர் கருவி முழுப் படத்தையும் எடுப்பதால் கணினியில் தெரியும். பால் படத்தில் 576 வரிகள். அதில் இரண்டு சதவீதம் என்பது பதினொன்றரை வரி. கீழே 12 வரிகள் பளிச்சென்று கிழிந்திருந்தாலே, மேலே முழுக்கக் கும்மிருட்டாக இருந்தாலும் அது கறுப்பு ஃபிரேம் ஆகாது. அதனால் சோதனைக்கு முன் அடியில் 16 வரிகளை வெட்டிவிடுவது நல்லது. வெட்டுவது சோதனைக்கு மட்டும்தான். மூலக் கோப்பு அப்படியே இருக்கும்.

இன்னொரு சிக்கல் இதைவிடத் தந்திரமானது. நாடாவில் ஒன்றும் இல்லாத இடம் வந்தால் பல டெக்குகள் கறுப்பைக் காட்டாது, நீலத் திரையைக் காட்டும். வாடகை டெக்கில் விடிய விடியப் படம் பார்த்த தலைமுறைக்கு அந்த நீலம் நன்றாக நினைவிருக்கும். கலப்பற்ற நீலத்தின் ஒளி அளவு 41. எல்லையோ 38. மூன்றே படி வித்தியாசத்தில் நீலத் திரை கறுப்புச் சோதனையிலிருந்து தப்பிவிடுகிறது. கறுப்பை மட்டும் தேடுகிறவருக்கு நாற்பது நிமிட நீலத் திரை நல்ல படமாகவே தெரியும்.

நீலத்தை உறைவுச் சோதனையில் பிடிக்கலாம், ஆனால் எல்லையைக் கொஞ்சம் தளர்த்தவேண்டும். நீலத் திரையை டெக்கின் மின்சுற்றே உருவாக்குகிறது. அது நாடாவிலிருந்து வருவதில்லை. எனவே நாடாவின் இரைச்சல் அதில் கிடையாது. ஆனால் கம்பி வழியாக வந்து கேப்சர் கருவியில் எண்ணாக மாறும்போது சிறு நடுக்கம் ஒட்டிக்கொள்ளும். அது கால் படியைத் தாண்டினால் 0.001 என்ற எல்லை ஏமாந்துவிடும். 0.003 என்று வைத்தால் எல்லை முக்கால் படி ஆகும். நாடா இரைச்சல் அதற்கு மேலே, நீலத்தின் நடுக்கம் பெரும்பாலும் அதற்குக் கீழே.

அந்த 'பெரும்பாலும்' என்பதை ஒரு எளிய வேலையால் போக்கிக்கொள்ளலாம். புதிய டெக்கோ கருவியோ வாங்கியதும், உதவாத ஒரு கேசட்டைப் போட்டுப் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். நடுவில் வேண்டுமென்றே மஞ்சள் கம்பியைப் பத்து நொடி பிடுங்குங்கள். கேசட்டை நிறுத்திப் பாருங்கள். யூ.எஸ்.பி. கம்பியையும் ஒருமுறை உருவுங்கள். பிறகு அந்தக் கோப்பைச் சோதனைக்கு விடுங்கள். உங்கள் கருவி பழுதாகும்போது கறுப்பைக் காட்டுகிறதா, நீலத்தையா, சாம்பலையா, கடைசிப் படத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். நீங்கள் செய்த குறும்பு எல்லாம் அறிக்கையில் வந்தால் எல்லை சரி; ஏதாவது விடுபட்டால் எல்லையை மாற்றவேண்டும். கையேட்டில் உள்ள எண்களை நம்பி நேரே வாடிக்கையாளரின் கேசட்டில் இறங்குவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இனி ஒரு கேசட்டை முழுதாகச் சோதிக்கலாம். 1980-களின் இறுதியில் எடுத்த ஒரு கல்யாணக் கேசட் என்று வைத்துக்கொள்வோம். கோப்பின் பெயர் `kalyanam.mkv`, நீளம் சரியாக மூன்று மணி நேரம். கட்டளை இது:

```
ffmpeg -hide_banner -i kalyanam.mkv \
 -vf "crop=iw:ih-16:0:0,blackdetect=d=2,freezedetect=n=0.003:d=5" \
 -af "silencedetect=n=-50dB:d=5" \
 -f null - 2> report.txt
```

படம் முதலில் அடியில் வெட்டப்பட்டு, கறுப்புச் சோதனைக்குப் போய், அங்கிருந்து உறைவுச் சோதனைக்குப் போகிறது. உறைவு ஐந்து நொடி நீடித்தால்தான் சொல்லவேண்டும். மூன்றாவது வரி ஒலிக்கானது. ஐந்து நொடிக்கு மேல் அமைதி இருந்தால் குறித்துக்கொள்ளும். கடைசி வரியின் பொருள், புதிய கோப்பு எதுவும் வேண்டாம், அறிக்கையை மட்டும் `report.txt`-இல் எழுது என்பது. படத்தை யாருக்கும் காட்டவேண்டியதில்லை என்பதால் கணினி மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளாது. பல மடங்கு வேகத்தில் ஓடி முடித்துவிடும்.

அறிக்கையில் வேறு பல வரிகளுக்கு நடுவே, நமக்கு வேண்டியவை இப்படி இருக்கும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் வரும் வடிகட்டியின் பெயரை இடம் கருதி இங்கே நீக்கியிருக்கிறேன்:

```
black_start:0 black_end:6.4 black_duration:6.4
black_start:2710 black_end:2726.5 black_duration:16.5
lavfi.freezedetect.freeze_start: 4987.2
lavfi.freezedetect.freeze_duration: 1312.8
lavfi.freezedetect.freeze_end: 6300
lavfi.freezedetect.freeze_start: 9541.6
silence_start: 9541.9
```

எல்லாம் நொடிக் கணக்கு. முதல் வரியில் தொடக்கத்து ஆறு நொடி கறுப்பு. தலைப்பு வருவதற்கு முன் எல்லாக் கேசட்டிலும் இருப்பதுதான்.

இரண்டாவது கறுப்பு 2710-ஆம் நொடியில், அதாவது 45 நிமிடம் 10 நொடியில் தொடங்கி 16 நொடி நீடிக்கிறது. அந்த நேரத்தில் ஒலி அமைதியாகவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அங்கே போய்க் கேட்டால் மண்டபத்தில் ஒரே கூச்சல், யாரோ ஜெனரேட்டரைப் போடச் சொல்கிறார்கள். மண்டபத்தில் கரண்ட் போயிருக்கிறது. வீடியோ லைட்டும் சேர்ந்து அணைந்தது. கேமரா மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. இது கேசட்டிலேயே உள்ள கறுப்பு, பதிவின் பழுது அல்ல. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்துவிட்டு எடுத்த பகுதிகளும் இதே போலத்தான் வரும். கணினி இடத்தைச் சுட்டிக்காட்டும், அவ்வளவே. அது பழுதா, அந்த நாளின் ஒரு பகுதியா என்று மனிதர்தான் முடிவு செய்யவேண்டும். ஆனால் மூன்று மணி நேரத்துக்குப் பதில் அரை நிமிடம் பார்த்தாலே அந்த முடிவுக்கு வந்துவிடலாம்.

அடுத்த மூன்று வரிகள்தான் விஷயம். 4987-ஆம் நொடி என்றால் ஒரு மணி 23 நிமிடம் 7 நொடி. அங்கே உறைந்த படம் ஒரு மணி 45 நிமிடத்தில்தான் மறுபடி அசைகிறது. இடையில் கிட்டத்தட்ட 22 நிமிடங்கள். அந்தப் பகுதியில் அமைதி பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒலி தடையில்லாமல் வந்திருக்கிறது, படம் மட்டும் நின்றிருக்கிறது. நாடா தீர்ந்திருந்தாலோ டெக் நின்றிருந்தாலோ ஒலியும் போயிருக்கும். எனவே கோளாறு டெக்கில் இல்லை, நாடாவிலும் இல்லை. கேப்சர் கருவிக்கும் கணினிக்கும் நடுவில் இருக்கிறது. கோப்பில் அந்த இடத்தைத் திறந்தால், அட்சதைத் தட்டு பாதி வழியில் நிற்கும். கெட்டி மேளம் மட்டும் முழுதாகக் கேட்கும்.

கடைசி உறைவுக்குத் தொடக்கம் மட்டும் இருக்கிறது, முடிவும் நீளமும் இல்லை. இது அச்சுப்பிழை அல்ல. படம் மறுபடி அசையும்போதுதான் `freezedetect` முடிவையும் நீளத்தையும் எழுதும். கோப்பின் கடைசி ஃபிரேம் வரை உறைந்தே இருந்தால் அந்த இரண்டு வரிகளும் வராது. கறுப்புச் சோதனை அப்படி அல்ல, கோப்பு கறுப்பிலேயே முடிந்தாலும் கணக்கை எழுதிவிடும். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். அறிக்கையில் `freeze_duration` என்று தேடி, நீளமானதை மட்டும் பார்க்கும்படி ஒரு சின்ன நிரலை எழுதி வைத்துவிடுவார்கள். ஐந்தாவது நிமிடத்தில் உறைந்து, கடைசிவரை உறைந்தே கிடந்த கோப்பு அந்த நிரலுக்குப் பழுதே இல்லாததாகத் தெரியும். இருப்பதிலேயே மோசமான பழுதுதான் இப்படித் தப்பிக்கும். தேடவேண்டியது `freeze_start`-ஐ. தொடக்கங்களையும் முடிவுகளையும் எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை ஒன்று கூடுதலாக இருந்தால் கோப்பு உறைவிலேயே முடிந்திருக்கிறது.

நம் கேசட்டில் அந்தக் கடைசி உறைவோடு அமைதியும் சேர்ந்தே தொடங்குகிறது. இரண்டு மணி 39 நிமிடத்தில் படமும் ஒலியும் ஒன்றாகப் போயிருக்கின்றன. கறுப்புச் சோதனை எதுவும் சொல்லவில்லை. திறந்து பார்த்தால் நீலத் திரை. மூன்று மணி நேர நாடாவில் இரண்டு மணி 39 நிமிடம்தான் பதிவாகியிருக்கிறது. மீதி வெற்று நாடா. கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் நாடாவை இன்னும் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது. கல்யாணம் முடிந்து மீதியிருந்த இடத்தில் குழந்தையின் முதல் பிறந்தநாளை எடுத்து வைத்தவர்கள் உண்டு.

சுருக்கும் முறையில் நேரடியாகப் பதிவு செய்கிறவர்களுக்குச் சோதனை ஓட்டும் முன்பே ஒரு அறிகுறி கிடைக்கும். எச்.264 முறையில், தரத்தை நிலையாக வைத்துப் பதிவு செய்தால் உறைந்த ஃபிரேமுக்கு ஏறக்குறைய இடமே தேவைப்படாது. வழக்கமாக ஆறு ஜி.பி. வரும் கேசட் இரண்டு ஜி.பி.யில் முடிந்திருந்தால் ஏதோ நடந்திருக்கிறது. எஃப்.எஃப்.வி.1-இல் இந்தத் துப்பு கிடைக்காது. அது பொதுவாக ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகவே எழுதுவதால், நின்ற படமும் ஓடும் படமும் ஒரே அளவு இடத்தைப் பிடிக்கும்.

இந்த இரண்டு சோதனைகளிலும் சிக்காத பழுதுகளும் இருக்கின்றன. முக்கியமானது, திரை முழுக்கப் புள்ளிப் புள்ளியாகப் பொரிவது. நீலத் திரை வசதி இல்லாத டெக்கில், அல்லது அதை அணைத்து வைத்த டெக்கில், வெற்று நாடா அப்படித்தான் தெரியும். ஹெட்டில் அழுக்கு அடைத்துக்கொண்டாலும் நடுவழியில் படம் இப்படி ஆகிவிடும். அது கறுப்பும் அல்ல, உறைவும் அல்ல. இரைச்சலே உயிரின் சான்று என்று சொன்னோம். இங்கே இருப்பது முழுக்க இரைச்சல் மட்டுமே என்பதால் நம் சோதனை அதைத் துடிப்பான படம் என்று எண்ணிக்கொள்ளும். இதைப் பிடிக்க எதிர்த்திசையில் அளக்கவேண்டும், ஃபிரேமுக்கு ஃபிரேம் வித்தியாசம் வழக்கத்துக்கு மேல் ஏறி அங்கேயே நிற்கிறதா என்று. `ffmpeg`-இல் `signalstats` என்ற வடிகட்டி இந்த அளவை `YDIF` என்ற பெயரில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தரும். சான் பிரான்சிஸ்கோவின் பே ஏரியா வீடியோ கோஅலிஷன் என்ற அமைப்பு, காப்பகங்களுக்காக உருவாக்கிய QCTools என்ற இலவச மென்பொருள் இதே அளவுகளை வரைபடமாகக் காட்டுகிறது. அதில் உறைந்த இடம் தரையோடு ஒட்டிய நேர்கோடாகத் தெரியும், பொரியும் இடம் மேடாகத் தெரியும். கேசட் நிறைய வைத்திருக்கும் நூலகமோ கோயில் நிர்வாகமோ என்றால் இதைக் கற்றுக்கொள்வது வீண்போகாது. வீட்டில் இரண்டு கேசட் வைத்திருப்பவருக்கு இவ்வளவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

அவருக்கு இன்னொரு கட்டளை போதும்:

```
ffmpeg -i kalyanam.mkv -vf "fps=1/300,scale=240:180,tile=6x6" -frames:v 1 sheet.png
```

இது ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஃபிரேம் எடுத்து, மூன்று மணி நேரத்துக்கு 36 சிறு படங்களை வரிசைக்கு ஆறாக ஒரே தாளில் அடுக்கிக் கொடுக்கும். பொரியும் திரை, நிறம் போன பகுதி, படத்தின் குறுக்கே ஓடும் பட்டை, கேசட்டே மாறிப்போனது என, கணக்குக்கு அகப்படாத பலவற்றைக் கண் ஒரே பார்வையில் பிடித்துவிடும். ஐந்து நிமிடத்துக்குக் குறைவான பழுது தாளின் இடைவெளியில் விழுந்துவிடலாம். நீளமானது தப்பாது. உறைவுச் சோதனையும் இந்தத் தாளும் ஒன்றுக்கொன்று துணை. நம் கேசட்டின் தாளில் அதே அட்சதைத் தட்டு அடுத்தடுத்த நான்கைந்து கட்டங்களில் வந்திருக்கும்.

இனி போன 22 நிமிடங்களை மீட்கவேண்டும். இதற்காகக் கேசட்டை முதலிலிருந்து ஓட்டவேண்டாம். பழைய நாடாவில் ஒவ்வொரு ஓட்டமும் கொஞ்சம் காந்தப் பூச்சை உதிர்க்கும். டெக்கின் ஹெட்டைச் சுத்தம் செய்துவிட்டு, கணினியில் கேப்சர் கருவியை வேறு யூ.எஸ்.பி. துளையில், ஹப் எதுவும் நடுவில் இல்லாமல், நேரடியாகச் செருகுங்கள். நாடாவை ஒரு மணி 18 நிமிடத்துக்குச் சுற்றி, அங்கிருந்து ஒரு மணி 50 நிமிடம் வரை பதிவு செய்யுங்கள். இருபுறமும் ஐந்து நிமிடம் கூடுதலாக இருந்தால், இரண்டு கோப்பிலும் உள்ள ஒரே மேளத் தட்டை அடையாளம் வைத்து ஒட்ட முடியும். டெக்கின் எண்ணியும் கோப்பின் நேரமும் துல்லியமாக ஒத்துப்போகாது என்பதற்கும் அந்த உபரி உதவும். ஒட்டிய பிறகு, அதே கட்டளையைப் புதிய கோப்பின் மேல் மறுபடி ஓட்டவேண்டும். இந்த முறை அறிக்கையில் 2710-ஆம் நொடியின் இருட்டும் கடைசி நீலமும் வரவேண்டும், நடுவில் உறைவு வரக்கூடாது. அந்த இருட்டும் காணாமல் போயிருந்தால், கோப்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாமல், கட்டளையில் எதைத் தவறாகத் தட்டினோம் என்று முதலில் பார்க்கவேண்டும்.